கையிருப்பு இல்லாமல் ஒரு காப்பீட்டுத் தொழில்

1997 அக்டோபர் 27, திங்கட்கிழமை. ஹாங்காங்கில் தொடங்கிய பங்குச் சந்தைச் சரிவு நியூயார்க்கையும் எட்டியது. டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 554 புள்ளிகள், அதாவது 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அன்றோடு விக்டர் நீடர்ஹாஃபர் என்ற புகழ்பெற்ற வர்த்தகரின் முதலீட்டு நிதி முடிந்துபோனது. ஹார்வர்டில் படித்தவர், ஜார்ஜ் சோரோஸிடம் வேலை பார்த்தவர், பல ஆண்டுகள் மிக நல்ல லாபம் காட்டியவர். எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மீது அவர் ஏராளமான புட் ஆப்ஷன்களை விற்று வைத்திருந்தார். சரிவு வந்ததும் தரகு நிறுவனம் கூடுதல் மார்ஜின் கேட்டது. கட்டப் பணம் இல்லை.

மறுநாளே டவ் ஜோன்ஸ் 337 புள்ளிகள் மீண்டது. அது அவருக்கு உதவவில்லை. சந்தை எழுந்தபோது அவர் சந்தையில் இல்லை.

ஆப்ஷன் விற்பதை நம் ஊரிலும் 'இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்துவது மாதிரி' என்று சொல்லித் தருகிறார்கள். ஒப்பீடு சரியானதுதான். ஆனால் அதில் பிரீமியம் என்ற பகுதியை மட்டும்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். காப்பீட்டுத் தொழிலைத் தாங்கி நிற்பது மற்ற பகுதிகள்.

வரவு எப்படி வருகிறது?

நிஃப்டி 25,000-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மாத முடிவில் அது 24,000-க்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரூபாய் தருவதாக நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். இதுதான் 24,000 புட் ஆப்ஷனை விற்பது. இதற்குக் கூலியாகப் புள்ளிக் கணக்கில் 40 ரூபாய் கிடைக்கிறது. ஒரு லாட் 75 என்று கொண்டால் 3,000 ரூபாய். இதை வாங்குபவர் தன் முதலீட்டுக்குக் காப்பீடு எடுக்கிறார். நீங்கள் காப்பீட்டு நிறுவனம்.

கையில் 6 லட்சம் இருக்கிறது. ஒரு லாட்டுக்கு ஒன்றரை லட்சம் மார்ஜின் என்றால் நான்கு லாட் விற்கலாம்; மாதம் 12,000 ரூபாய். நிஃப்டி ஒரே மாதத்தில் 4 சதவீதத்துக்கு மேல் விழும் மாதங்கள் குறைவு. எனவே பெரும்பாலான மாதங்களில் முழுப் பிரீமியமும் உங்களுக்கே. வருடத்துக்கு 24 சதவீதம். சம்பளம் போல வருகிறது.

க்ளெய்ம் வரும் மாதம்

2020 பிப்ரவரி எக்ஸ்பைரிக்கும் மார்ச் எக்ஸ்பைரிக்கும் இடையில் நிஃப்டி கால்வாசிக்கு மேல் சரிந்தது. அதே அளவு சரிவை நம் கணக்கில் போடுவோம். 25,000 என்பது 18,750 ஆகிறது. 24,000-க்குக் கீழே 5,250 புள்ளிகள். வாங்கிய 40 போக 5,210. ஒரு லாட்டுக்கு 3,90,750 ரூபாய்; நான்கு லாட்டுக்கு 15,63,000 ரூபாய். மாதம் 12,000 வீதம் ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் சேர்த்த பிரீமியம் ஒரே மாதத்தில் போகிறது. இருந்த 6 லட்சமும் போய், தரகு நிறுவனத்துக்கு 9,63,000 ரூபாய் கடன். ஆப்ஷனை வாங்கியவர் இழக்கக்கூடியது கொடுத்த பிரீமியத்தை மட்டும். விற்றவருக்கு அப்படி ஓர் எல்லை இல்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏன் இப்படி நேர்வதில்லை? முதல் காரணம், ஆபத்துகள் தனித்தனியானவை. மதுரையில் ஒரு வீடு தீப்பிடித்தால் திருச்சியில் இன்னொரு வீடு எரிவதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் காப்பீடு கொடுத்தால் இந்த ஆண்டு எத்தனை க்ளெய்ம் வரும் என்று ஓரளவு கணிக்கலாம். நான்கு லாட் நிஃப்டி புட் நான்கு வீடுகள் அல்ல. ஒரே வீட்டுக்கு நான்கு பாலிசி. வங்கிப் பங்கு, ஐடி பங்கு என்று பிரித்து விற்றாலும் பெருஞ்சரிவு நாளில் எல்லாம் சேர்ந்தே விழும்.

காப்பீட்டிலும் இப்படி ஒட்டுமொத்தமாக வரும் அழிவு உண்டு. 1992-ல் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் ஒரே பகுதியின் வீடுகள் ஒரே நாளில் நொறுங்கின. பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. அவையும் அதுவரை நன்றாகத்தான் பிரீமியம் வசூலித்து வந்தன.

கையிருப்பு என்னும் கட்டாயம்

இரண்டாவது காரணம் கையிருப்பு. ஓராண்டு பாலிசிக்கு இன்று வாங்கிய பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனம் இன்றே வருமானமாக எழுத முடியாது. பாலிசி காலம் கழியக் கழியத்தான் அது வருமானம். வரவிருக்கும் க்ளெய்ம்களுக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். அதற்கு மேல், இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 150 சதவீத சால்வென்சி விகிதம் கேட்கிறது. பெரிய ஆபத்தின் ஒரு பகுதியை மறுகாப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் வழக்கம்.

ஆப்ஷன் விற்பவரிடம் மார்ஜின் கேட்கிறார்களே, அது கையிருப்பு இல்லையா? இல்லை. அது ஓரிரு நாள் சரிவைத் தாங்கக் கேட்கும் குறைந்தபட்சத் தொகை. மோசமான ஆண்டுக்கான நிதி அதற்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் கையில் உள்ளதெல்லாம் மார்ஜினாகப் போய்விடுகிறது. சந்தை அமைதியாக இருக்கும்போது பிரீமியமும் குறையும். அப்போது பழைய வருமானத்தைக் காக்க லாட்டைக் கூட்டுகிறார்கள். கூலி குறைந்த நேரத்தில் பொறுப்பு கூடுகிறது.

மூன்றாவது வித்தியாசம்தான் நீடர்ஹாஃபரை வீழ்த்தியது. காப்பீட்டில் வீடு எரிந்த பிறகே க்ளெய்ம். புயல் வரலாம் என்ற பயத்துக்கு நிறுவனம் பணம் கட்டுவதில்லை. ஆப்ஷனில் பயத்துக்கும் கட்ட வேண்டும். நிஃப்டி 24,000-ஐத் தொடாமலே, தொட்டுவிடும் என்ற அச்சத்தில் 40 ரூபாய் ஆப்ஷன் 300 ரூபாயாகலாம், மார்ஜினும் உயரும். மாத முடிவில் நீங்கள் சொன்னதே நடக்கலாம். இன்று கட்டப் பணமில்லை என்றால் தரகு நிறுவனம் கணக்கை இன்றே முடித்துவிடும். நீடர்ஹாஃபர் அதே ஆண்டில் தாய்லாந்து வங்கிப் பங்குகளில் பெரும் நஷ்டம் அடைந்திருந்தார். கையிருப்பு கரைந்த நிலையில் பழைய அளவுக்குப் பொறுப்பு ஏற்றதே அவர் செய்த பிழை.

மறுகாப்பீடு எடுத்தால்

24,000 புட்டை விற்கும்போதே 23,000 புட்டை 15 ரூபாய்க்கு வாங்கினால் நிகரப் பிரீமியம் 25. மாத வரவு 12,000-லிருந்து 7,500 ஆகும். ஆனால் நிஃப்டி எவ்வளவு விழுந்தாலும் நான்கு லாட்டின் அதிகபட்ச நஷ்டம் 2,92,500 ரூபாய். வலிக்கும், 39 மாதப் பிரீமியம் போகும். ஆனாலும் மூன்று லட்சம் மிஞ்சும், கடன் இருக்காது, அடுத்த மாதம் தொழில் நடத்தலாம். அந்த 15 ரூபாயை வீண் செலவு என்று மிச்சம் பிடிப்பவர், மறுகாப்பீடு வேண்டாம் என்று சொல்லும் நிறுவனத்தை நடத்துகிறார்.

ஆப்ஷன் விற்கும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அடுத்த மாதம் சந்தை கால்வாசி விழுந்தால் நான் கட்ட வேண்டியது எவ்வளவு? அது மார்ஜினுக்கு வெளியே என்னிடம் இருக்கிறதா? இல்லை என்றால் இன்றே லாட்டைக் குறையுங்கள், அல்லது கீழே ஒரு புட்டை வாங்குங்கள். மோசமான ஆண்டுக்குரியதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் இந்தத் தொழிலின் லாபம். அதற்கு முன் கணக்கில் தெரியும் பணம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.