லாரிக்கு ஒரு நேரம்

ஒரே இறக்குமேடை உள்ள கிடங்கு. எட்டு லாரிகள், ஒன்றை இறக்கச் சராசரியாக 45 நிமிடம். எல்லாமே காலை 9 மணிக்கு வந்தால் கடைசி லாரி ஐந்தேகால் மணி நேரம் காத்திருக்கும்.

சரி, 45 நிமிடத்துக்கு ஒரு லாரி என்று நேரம் கொடுத்தால்? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பேலட்டில் வரும் சரக்கு ஃபோர்க்லிஃப்டில் அரை மணியில் இறங்கிவிடும். உதிரி மூட்டைகளைச் சுமைதூக்குவோர் இறக்க 75 நிமிடம்கூட ஆகும். அப்படியொரு லாரி காலையில் வந்தால், அந்தத் தாமதம் பின்னால் வரும் எல்லோர் தலையிலும் விழும்.

அதனால் மூட்டை லாரிகளை மாலைக்குத் தள்ளி, கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். மதியம் ஒரு மணி நேரத்தை யாருக்கும் ஒதுக்காமல் வைப்பது என் கணக்கில் மிக அவசியம்: சேர்ந்த தாமதம் அதில் கரையும், பிந்தி வந்த லாரியும் அதில் நுழையலாம். சொன்ன நேரத்துக்கு வந்தவரை மட்டும் பின்தள்ளக் கூடாது. தள்ளினால் மறுநாளே எல்லோரும் விடியற்காலையில் வாசலில் நிற்பார்கள்.