‘கோ’ கொடுக்கும் நேரம்

கோ-கோவில் துரத்துபவருக்குக் கட்டுப்பாடுகள் அதிகம், ஓடுபவருக்குக் குறைவு. இரண்டு கம்பங்களையும் இணைக்கும் நடுத்தடத்தை ஓடுபவர் எங்கு வேண்டுமானாலும் கடக்கலாம், உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே புகுந்து மறுபக்கம் போகலாம், நினைத்த நொடியில் திரும்பலாம். துரத்துபவரோ நடுத்தடத்தைக் கடக்கக் கூடாது. ஒரு திசையில் கிளம்பிவிட்டால், அந்தத் திசையிலுள்ள கம்பத்தை எட்டும் வரை திரும்பவும் கூடாது. அதனால் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவரானாலும் தனி ஆளாக ஒருவரைப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கோ-கோ பாடத்தை இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

பல பள்ளிகளில் பாடம் வேறு விதமாகத் தொடங்குகிறது. ஆடுகளத்தின் அளவுகளையும் விதிகளையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடுகிறார்கள். வேகமாக ஓடும் நான்கைந்து பேர் ஆடுகிறார்கள், மற்றவர்கள் கட்டத்தில் குந்தியபடியே நேரத்தைக் கழிக்கிறார்கள். விதி ஏன் இருக்கிறது என்பது கடைசிவரை அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

ஏழாம் வகுப்புக்கு நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடத்தில் ‘கோ’ என்ற சொல்லே வேண்டாம். சிறிய களம் ஒன்றைச் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து, நடுத்தடத்தில் நான்கு பேரை உட்காரவைத்து, ஒருவரைத் துரத்தவும் ஒருவரை ஓடவும் விட வேண்டும். விதி இரண்டே இரண்டு: துரத்துபவர் நடுவைக் கடக்கக் கூடாது, இடையில் திரும்பவும் கூடாது. ஓடுபவர் ஒருமுறை நடுவே புகுந்து மறுபக்கம் போனதும் துரத்துபவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால், ஓடுபவர் மறுபடி இந்தப் பக்கம் வந்திருப்பார். இரண்டு மூன்று பேர் இப்படித் தோற்ற பிறகு, “இவருக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டால், “உட்கார்ந்திருக்கிறவங்க யாராவது எழுந்து ஓடணும்” என்ற பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும். ‘கோ’வை அப்போது அறிமுகப்படுத்தலாம்.

முழு ஆட்டத்தில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பதாவது ஆள் துரத்துவார். அடுத்தடுத்து உட்காருபவர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதும், ‘கோ’வை முதுகுப் பக்கமிருந்தே கொடுக்க வேண்டும் என்பதும் இரண்டு தனித்தனி விதிகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆட்டத்தின் சூட்சுமம் தெரியும். களம் வடக்கு தெற்காக இருக்கிறது. வடக்கிலிருந்து எண்ணினால் 1, 3, 5, 7 கிழக்கு பார்த்தும் 2, 4, 6, 8 மேற்கு பார்த்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் துரத்திக்கொண்டிருப்பவருக்கு முதுகைக் காட்டியிருப்பது மேற்கு பார்த்தவர்கள் மட்டுமே. அவர்களில் யாருக்குக் ‘கோ’ கொடுத்தாலும் துரத்தல் மேற்குப் பக்கத்துக்குப் போய்விடும். துரத்துபவரால் கடக்க முடியாத கோட்டை ஒவ்வொரு ‘கோ’வும் அணிக்காகக் கடந்துவிடுகிறது.

இதை விளக்க ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம். துரத்துபவர் கிழக்கில், தெற்கு நோக்கி ஓடி வருகிறார், இப்போது 4-ஆம் கட்டத்தருகே இருக்கிறார். முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று 5-க்கும் 6-க்கும் நடுவே புகுந்து மேற்குக்குப் போகிறார். இப்போது 4-க்குக் ‘கோ’ கொடுப்பதா, ஓடிப்போய் 6-க்குக் கொடுப்பதா? ஓடுபவர் வடக்கே திரும்பினால் 4 எழுந்ததும் அவர் நேராகக் கைக்கு வந்து விழுவார். தெற்கே போனால் 4 பின்தங்கிவிடும், 6 எழுந்தால்தான் எட்டிப் பிடிக்கலாம். முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு எட்டு வைக்கும் நேரம்தான். 4-ஐத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. ஒரே பக்கம் பார்த்த இருவருக்கு இடையே ஐந்து மீட்டருக்கும் சற்று அதிகமான தூரம் இருக்கிறது. மாறாக, ஓடுபவர் புகுவதுபோல் பாவனை காட்டும்போதே அவசரப்பட்டு 4-க்குக் கொடுத்துவிட்டால், புதிதாக எழுந்தவர் மேற்கிலும் ஓடுபவர் கிழக்கிலுமாகப் பிரிந்து போவார்கள். அணி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சிறந்த வழி, ஓட்டத்தை நிறுத்துவது. விசில் ஊதியதும் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். துரத்துபவரிடம் யாருக்குக் கொடுப்பார் என்று கேட்பதோடு, 4-இலும் 6-இலும் இருப்பவர்களிடம், “இப்போ உனக்குக் ‘கோ’ வந்தால் இடப்பக்கமா, வலப்பக்கமா?” என்றும் கேட்க வேண்டும். எழுந்ததும் எந்தத் திசையை எடுப்பது என்பது உட்கார்ந்திருந்தவரின் முடிவு. எடுத்தபின் அவருக்கும் திரும்ப வழியில்லை. அதனால் அவர் துரத்துபவர் வரும் வரை தரையைப் பார்த்திருக்க முடியாது, ஓடுபவரைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ‘சேர்ந்து ஆடுங்கள்’ என்று எத்தனை முறை சொன்னாலும் வராத கவனம் இந்த ஒரு கேள்வியால் வந்துவிடும். குந்தியிருப்பவர் ஆட்டத்துக்கு வெளியே இல்லை என்பதை அவரே உணர்கிறார்.

அதன்பின் பத்து நிமிடம், ஓடுபவர் இல்லாமல் ‘கோ’வை மட்டும் பழக்கலாம். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தெரியவரும். தொடுவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். வாயால் சொல்லிக் கையால் தொடாமல் விடுவார்கள். ‘கோ’ கொடுத்தவர் காலியான கட்டத்தில் உட்கார மறந்து நிற்பார், அல்லது தவறான பக்கம் பார்த்து உட்காருவார். கடைசியாகச் சொன்னது சின்னப் பிழைபோலத் தோன்றும், ஆனால் வரிசையின் மாறி மாறி அமைந்த ஒழுங்கையே அது குலைத்துவிடும். முழங்காலும் விரல் நுனியும் தரையில் படும் ஆட்டம் இது என்பதால், முன்னதாகக் களத்தில் கல் பொறுக்கியிருக்க வேண்டும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாய்வதையும் தரையில் விழுந்து தொடுவதையும் முதல் பாடத்தில் விட்டுவிடலாம்.

ஓடும் அணிக்கும் கூட்டு வேலை உண்டு. மூன்று மூன்று பேராகக் களமிறங்குகிறார்கள். ஒருவர் உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே வளைந்து வளைந்து ஓடித் துரத்துபவரைத் தன் பின்னால் இழுக்கும்போது, மற்ற இருவரும் அவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். அருகில் வந்தால் ஒரே ‘கோ’வில் இலக்கு மாறிவிடும். கம்பத்தருகே ஒதுங்குவதும் ஆபத்து, ஏனென்றால் துரத்துபவர் திரும்பவும் பக்கம் மாறவும் அனுமதி உள்ள இடம் அதுதான். பயந்துபோன பிள்ளைகள் இயல்பாகவே அந்த மூலைக்குத்தான் ஓடுகிறார்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடம் ஆட்டம். பெரியவர்களுக்கான ஒன்பது நிமிடச் சுற்றைக் குறைத்து மூன்று நிமிடமாக வைத்தால் இரண்டு அணிகளும் துரத்தவும் ஓடவும் நேரம் கிடைக்கும். ஆடாதவர்களிடம் ஒரு தாள் கொடுத்து, ஒவ்வொரு ‘கோ’வும் நேரத்துக்கு வந்ததா, முந்தியதா, பிந்தியதா என்று கோடு போடச் சொல்லலாம். எத்தனை பேர் அவுட் என்பதைவிட ஓர் அவுட்டுக்கு எத்தனை ‘கோ’ செலவானது என்பதே ஆசிரியருக்குப் பயன்படும் கணக்கு. ஆனால் ‘கோ’ குறைவாக இருந்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆள் பக்கம் மாறாமல் ஓடிக் களைத்த சுற்றிலும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். தாளில் பிந்திய கோடுகள் நிறைந்திருந்தால் துரத்துபவர் தன் வேகத்தையே நம்புகிறார் என்று பொருள்; முந்திய கோடுகள் அதிகமென்றால் ஓடுபவரின் பாவனைக்கு அவர் ஏமாறுகிறார். அடுத்த வகுப்பில் எதைப் பழக்குவது என்பதை இந்தத் தாளே சொல்லிவிடும்.

தொலைக்காட்சியில் அல்டிமேட் கோ கோ போட்டிகளைப் பார்த்த பிள்ளைகள், ‘வசீர்’ என்ற ஆட்டக்காரர் மட்டும் திரும்பி ஓடுகிறாரே என்று கேட்கக்கூடும். 2022-இல் தொடங்கிய அந்த லீக்கில் வசீருக்கு மட்டும் எந்தத் திசையிலும் துரத்த அனுமதி உண்டு. அந்தக் கேள்வியை இரண்டாவது பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றைய ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு மட்டும் ஒருவரை வசீராக ஆடவிட்டு, அந்தச் சுற்றின் ‘கோ’ எண்ணிக்கையையும் முந்தைய சுற்றின் எண்ணிக்கையையும் பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்லலாம்.