பிரேக் விளக்கு எரிந்தால் அன்றே சொல்லுக!

கம்பத்திலிருந்து குமுளிக்குச் சரக்கு ஏற்றும் வேன் ஓட்டுநர்களுக்கு நம் வண்டிப் பொறுப்பாளர் தந்துள்ள சுற்றறிக்கை, சிவப்பு விளக்கு எது எரிந்தாலும் அன்றே தெரிவிக்கச் சொல்கிறது. எஞ்சின் ஆயில் விளக்கு என்றால் எவரும் வண்டியை நிறுத்திவிடுவர். பிரேக் விளக்கைத்தான் நாம் அலட்சியம் செய்கிறோம்.

கைப்பிரேக்கை விடுவித்த பின்னும் அது எரிந்தால் பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைந்திருக்கும். பேட் தேய்ந்திருக்கலாம், குழாய் கசியலாம். முதலில் வளைவுகளில் மட்டும், ஆயில் ஒருபுறம் சாயும்போது, விட்டுவிட்டு மினுக்கும். ஆயிலை ஊற்றினால் விளக்கு அணையும், கசிவு நிற்காது. அந்த வண்டி லோயர்கேம்ப் இறக்கத்தில் வரும்போது மிதி அடிவரை இறங்கிவிட்டால் என்ன செய்வது?

வந்து சொன்ன ஓட்டுநருக்கு அன்றைய நடைக் கூலியைப் பிடிக்காமல் கொடுத்துவிடுங்கள். சரக்கு மறுநாள் போகட்டும்.