மழை செய்தது பாதி, நாம் செய்தது மீதி

ஐப்பசி அடைமழை விடியற்காலையில்தான் ஓய்ந்தது. கூரையில்லாத வாசலில் இரவெல்லாம் நனைந்து நின்ற என் பழைய 150 சிசி பைக்கைத் தெருவுக்கு இறக்கினேன். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டு உதைக்க ஆரம்பித்தேன். பத்து, பதினைந்து, இருபது. எனக்கு வியர்த்ததுதான் மிச்சம். கடை திறக்க வந்த தெருமுனை மெக்கானிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“சார், முதல்ல கிக்கர்லேருந்து காலை எடுங்க. இன்னும் நாலு உதை விட்டா நனையாததும் நனைஞ்சிடும்.”

அவர் சொன்னது கிண்டலில்லை. மழைக்குப் பிறகு கிளம்ப மறுக்கும் கார்புரேட்டர் வண்டியில் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது மழை செய்தது. இரண்டாவது, அது தெரியாமல் உதைத்து உதைத்து நாமே செய்துகொண்டது.

முதலாவது பிளக் கேப்பில் இருக்கிறது. காயிலிலிருந்து தடித்த கறுப்பு வயர் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் வந்து, பிளக்கின் முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அந்தக் குதிப்புதான் பொறி. மெக்கானிக்குகள் அதைக் ‘கரண்ட்’ என்பார்கள். வயரும் பிளக்கும் சேரும் இடத்தை மூடியிருக்கும் ரப்பர் தொப்பிதான் பிளக் கேப். அதற்குள் ஈரம் புகுந்தால் மின்சாரத்துக்குச் சுலபமான வேறு வழி கிடைத்துவிடுகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் படிந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டே வெளிப்பக்கமாக எஞ்சினில் இறங்கிவிடும். சுத்தமான மழைநீர் அவ்வளவாக மின்சாரத்தைக் கடத்தாது. சாலைச் சேறும் தூசியும் கலந்த நீர்தான் வில்லன்.

அன்று அவர் கேப்பைக் கழற்றித் தலைகீழாக உதறியபோது மூன்று நான்கு சொட்டு விழுந்தது. பிளக்கைச் சுற்றியிருந்த பள்ளத்தில் குட்டிக் குளமே இருந்தது. துணியைத் திரித்து உள்ளே விட்டு அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்த பிறகுதான் பிளக் பானாவையே கையில் எடுத்தார். வரிசை மாறினால் பிளக் வெளியே வரும்போது தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போகும். சில எஞ்சின்களில் அந்தப் பள்ளத்து நீர் வடிய பக்கவாட்டில் சிறு துளை உண்டு. என் வண்டியில் அது சேறேறி அடைந்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதும் திறந்துகொண்டது.

கேப்பைத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் வேலை முடிந்ததென்றுதான் நினைத்தேன். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கேப் காய்ந்த பிறகும் வண்டி கிளம்பாது. ‘அப்ப கேப்பில் தப்பில்லை போல’ என்று காயிலையும் சிடிஐயையும் சந்தேகப்படத் தொடங்குவோம். உண்மையில் அதற்குள் இரண்டாவது கோளாறு வந்து உட்கார்ந்திருக்கும்.

பொறி இல்லாவிட்டாலும் ஒவ்வோர் உதைக்கும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சோக் இழுத்திருந்தால் காற்று குறைந்து பெட்ரோல் இன்னும் அதிகம் போகும். எரிக்க நெருப்பில்லாத பெட்ரோல் பிளக் முனையை நனைத்துவிடும். பிறகு கரண்ட் வந்தாலும் ஈர முனையில் பொறி பலமாகத் தெறிக்காது. இதைத்தான் ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறார்கள்.

கழற்றிய பிளக்கை மூக்கருகே கொண்டுபோனாலே பாதி விடை கிடைக்கும். ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை தூக்கினால் ஓவர்ஃப்ளோ. எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. முத்து முத்தாகத் தண்ணீர் ஒட்டியிருந்தால் பெட்ரோலோடு நீர் கலந்திருக்கிறது.

என் பிளக் சொட்டச் சொட்ட இருந்தது. பெட்ரோல் டேப்பை மூடினார், சோக்கைத் தள்ளினார். பிளக்கைத் துடைத்துக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொடும்படி, பிளக் துளைக்கு எட்டவே வைத்தார். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பக்கத்தில் பொறி தெறித்தால் பற்றிக்கொள்ளும். பிளக்கை எர்த் ஆக்காமல் சும்மா தொங்கவிட்டு உதைத்தால் சிடிஐக்கு ஆபத்து. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து ஏழெட்டு முறை உதைத்தார். தேங்கிய பெட்ரோல் புகையாக வெளியேறியது. பிளக் முனையில் நீலப் பொறியும் தெரிந்தது. பிளக்கை மாட்டி, டேப்பைத் திறந்து, சோக் இல்லாமல் உதைத்தபோது மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

பிளக்கைக் கழற்ற பானா இல்லாவிட்டாலும் வழியுண்டு. கேப்பை மட்டும் உலர்த்தி, டேப்பை மூடி, சோக்கைத் தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பத்து உதை. பிறகு கால் மணி நேரம் வண்டியைச் சும்மா விட வேண்டும். அந்தச் சும்மா விடுவதுதான் நமக்கு வராது.

ஒரு எச்சரிக்கை. வெளியே பிளக்கில் பொறி தெரிந்தால் கேப் நல்லது என்று அர்த்தமில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் பொறி குதிக்க இன்னும் அதிக வோல்ட் தேவை. விரிசல் விட்ட கேப் வெளியே பாசாகி உள்ளே ஃபெயிலாகும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கேப்பின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் விரிசல் வழியே நீலக் கோடுகள் ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையை மட்டும் தள்ளியே வைத்திருங்கள். அப்படிப்பட்ட கேப்பை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது வயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கேப்பைத் திருகினால் பிடிப்பு கிடைக்கும்.

பிளக்கில் பொறியே வராவிட்டால் முதலில் கில் சுவிட்சைப் பாருங்கள், அடுத்தது கப்ளர்கள். டேங்குக்குக் கீழும் ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் வயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்புகள் அவை. பொறி எப்போது வரவேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் சமிக்ஞை மிகச் சிறியது. பித்தளை முனையில் பச்சைக் களிம்பு பிடித்தால் அது போய்ச் சேராது. வண்டி கிளம்பி, ஹேண்டிலைத் திருப்பியதும் அணைந்தால் சந்தேகம் இங்கேதான். கப்ளரைப் பிரித்து, களிம்பைச் சுரண்டி, உலர்த்திச் செருகினால் பெரும்பாலும் சரியாகும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. ஆனால் கேப்பும் கப்ளரும் அவற்றிலும் உண்டு, நனையவும் செய்யும்.

பெட்ரோலில் நீர் கலப்பது டேங்க் மூடி வழியாக. மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் இறங்கும் குழாய் அடைத்தால், அது டேங்குக்குள் கசியும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் நீரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் அடியில் தனிப் படலம் தெரியும்.

இவ்வளவும் நனைந்த வண்டிக்குத்தான். ஏர் ஃபில்டர் மட்டத்துக்கு மேல் வெள்ளத்தில் நின்ற வண்டியில் செல்ஃபையும் தொடாதீர்கள், கிக்கரையும் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளையும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் போய்விட்டது உறுதி. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்வரை அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுதான் ஒரே வழி.