சரியான ஸ்கோருக்கு 31 மடங்கு: கணக்கில் ஒளிந்திருக்கும் இழப்பு

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் முதல் கோலை அடித்தவர் பெங்களூருவின் சுனில் சேத்ரி. ஆனால் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸின் இரண்டு கோல்களும் ரபேல் அகஸ்டோவின் ஒரு கோலும் சேர, சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. இந்த ஸ்கோரை யாரால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்? அந்தக் கேள்வியை வைத்துத்தான் பந்தயத் தளங்கள் "கரெக்ட் ஸ்கோர்", "முதல் கோல் அடிப்பவர்" என்ற இரண்டு பந்தயங்களை விற்கின்றன. திருவான்மியூரில் போனில் மேட்ச் பார்க்கும் இளைஞருக்கும் இவற்றின் விளம்பரம் வந்து சேர்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு போட்டியில் உள்ளூர் அணி வெல்ல 44%, டிராவுக்கு 25%, எதிரணி வெல்ல 31% வாய்ப்பு. கூட்டினால் 100. புக்கி ஒவ்வொன்றிலும் 2 கூட்டி, அதற்கேற்ப விலையைக் குறைக்கிறார். கூட்டுத்தொகை 106. மேலே நிற்கும் 6தான் அவருடைய மார்ஜின்.

கரெக்ட் ஸ்கோரில் முடிவுகள் மூன்றல்ல, சுமார் இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் 1 மட்டும் கூட்டினாலும் மொத்தம் 125. எதிரணி 3-2 என்று வெல்ல உண்மையான வாய்ப்பு 2.2% என்றால், ரூபாய்க்கு 45 ரூபாய் தருவதே நியாயம். அதை 3.2% என்று காட்டினால் 31 ரூபாய்தான் கிடைக்கும். அதாவது, போடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 32 ரூபாய் போய்விடும். ஆனால் "31 மடங்கு" என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரிவதில்லை. வாய்ப்பு 2 சதவீதமா 3 சதவீதமா என்று யாராலும் கண்ணால் அளக்க முடியாது.

புக்கிக்கும் அது கடினம்தான். தவறாகக் கணித்தால் பெரிய தொகை கொடுக்க நேரும் என்பதால் பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறார். முதல் கோல் பந்தயத்தில் இது இன்னும் அதிகம். கோல்கீப்பர்கள் நீங்கலாகக் களத்தில் இறங்கும் இருபது பேரோடு மாற்று வீரர்களும் பட்டியலில் வருவார்கள். யார் ஆடுவார் என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும். ஒருவர் அடிப்பார் என்று பணம் கட்டலாம். அடிக்கமாட்டார் என்று கட்ட பெரும்பாலும் வழியில்லை. அதனால் ஏற்றிய விலையைத் திருத்த எதிர்த்தரப்பும் இருக்காது.

சோதித்துப் பார்ப்பது எளிது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு விலையாலும் 100ஐ வகுத்துக் கூட்டுங்கள். நூறுக்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுவே மார்ஜின்.

பணம் கட்டும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழகமோ இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023லேயே இயற்றிவிட்டது. சட்டத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும், அதிகப் பணம் தருவதாகச் சொல்லும் இந்த இரண்டு பந்தயங்களும்தான் கட்டுபவரிடமிருந்து அதிகம் பறிப்பவை.