உரிமை குறையாமல் எளிமையாக்குவது எப்படி?

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்களில் பலர் ஐந்தாவது, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் அவர்களோடு இருக்கிறார்கள். வீட்டில் ஒடியாவோ சந்தாலியோ பேசும் அந்தப் பெண்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இந்தி தெரியும், ஆனால் அது அவர்களுக்கு இரண்டாவது மொழி. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை இவர்கள் அனைவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதற்காகக் கூட்டம் போடுகிறார்கள், ஸ்லைடுகளைத் திரையில் ஓட்டுகிறார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த ஸ்லைடுகளோ பெரும்பாலும் ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலுக்கு எழுதியது போலவே இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு ஸ்லைடில் இருக்கக்கூடிய வாக்கியம் இது: ‘பாதிக்கப்பட்ட பெண், சம்பவம் நிகழ்ந்த தேதியிலிருந்து மூன்று மாத காலத்திற்குள் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகாரினைச் சமர்ப்பித்தல் வேண்டும்.’ இதை எளிமையாக்கச் சொன்னால் பலரும் வெட்டத்தான் தொடங்குவார்கள். ‘உடனே கமிட்டியில் எழுதிக் கொடுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வாசிக்க எளிதாகிவிட்டது, ஆனால் சட்டம் கொடுத்த உரிமை பாதி போய்விட்டது. சம்பவம் நடந்து இருபது நாள் ஆன பெண் ‘உடனே’ என்பதைப் படித்ததும் காலம் கடந்துவிட்டதென்று நினைப்பார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் ‘எழுதிக் கொடுங்கள்’ என்பதைப் படித்ததும் விலகிவிடுவார். எளிய வடிவம் தயாரிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வரியை நம்பி நடக்கும் பெண்ணுக்கு எந்தக் கதவாவது மூடிப்போகுமா என்பதுதான்.

அதற்குச் சட்டத்தையே எடுத்துப் படிக்க வேண்டும். திரும்பத் திரும்ப நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்துதான் மூன்று மாதக் கணக்கு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கமிட்டி அதைப் பதிவு செய்துகொண்டு இன்னும் மூன்று மாதம் வரை கூடுதலாகத் தரலாம். எழுத இயலாத பெண்ணுக்குப் புகாரை எழுத்தில் கொண்டுவரக் கமிட்டித் தலைவரோ உறுப்பினரோ உதவி செய்தே ஆக வேண்டும். இவர்களுக்கு மிகவும் தேவையான இந்தச் செய்தி, நான் பார்த்த பல ஸ்லைடுகளில் இல்லவே இல்லை. ஆகவே எளிய வடிவம் மூலத்தைவிட நீளமாவதும் உண்டு. அந்த ஒரு வாக்கியம் ஒரு முழுப் பக்கமாக இப்படி விரியும்:

உங்களிடம் யாராவது தப்பாக நடந்தால் கமிட்டியிடம் சொல்லுங்கள்.
நடந்த நாளில் இருந்து 3 மாதம் வரை சொல்லலாம்.
பல முறை நடந்ததா? கடைசியாக நடந்த நாளில் இருந்து 3 மாதம்.
3 மாதம் தாண்டிவிட்டதா? அப்போதும் வாருங்கள். காரணத்தைச் சொல்லுங்கள்.
கமிட்டி இன்னும் 3 மாதம் வரை தரலாம்.
எழுத வரவில்லையா? கமிட்டியில் இருப்பவர் உங்களுக்கு உதவ வேண்டும். இது சட்டம்.

இந்த வடிவத்துக்கு உலகில் ஒரு மரபு இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக ஐரோப்பாவில் வளர்ந்த ‘ஈஸி ரீட்’ முறை அது. பின்லாந்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் அதே வகை எளிய மொழியில் செய்தி தருகிறார்கள். ஒரு வாக்கியத்தில் ஒரே கருத்து, ஒவ்வொரு வாக்கியமும் புதிய வரியில், எழுத்து குறைந்தது 14 புள்ளி, இடப்பக்கம் சீராக, வலப்பக்கம் சீராக்காமல் என்பவை அதன் அடிப்படை விதிகள். தமிழுக்கு நானாகச் சேர்த்துக்கொள்பவையும் உண்டு. ‘செய்து, கொண்டுவந்து, கொடுத்து’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் வாக்கியத்தை ஒவ்வொரு வினையிலும் முடித்துவிடுவேன். ‘விசாரிக்கப்படும்’ என்று எழுதாமல், விசாரிப்பவர் யார் என்பதைச் சொல்லி ‘கமிட்டி விசாரிக்கும்’ என்பேன். அசைகூட்டிப் படிப்பவர், நீண்ட சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கத்தை விட்டுவிடுவார். அதனால் ‘சொல்லவேண்டியிருந்தால்’ போன்ற சொற்களைப் பிரித்து எழுதுவது நல்லது.

எவற்றை விடலாம்? ‘வேலையளிப்பவர்’, ‘மாவட்ட அலுவலர்’ ஆகியோருக்கான வரையறைகள் பயிற்சியாளரின் ஸ்லைடில் இருந்தால் போதும். கமிட்டி அமைக்காத நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளலாம். விடவே கூடாத ஒன்று, பொய்ப் புகார் பற்றியது. பல ஸ்லைடுகளில் ‘பொய்ப் புகாருக்குத் தண்டனை’ என்று சிவப்பில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதே பிரிவு, புகாரை நிரூபிக்க முடியாமல் போனதாலோ போதிய ஆதாரம் தர முடியாததாலோ மட்டும் நடவடிக்கை வராது என்றும் சொல்கிறது. முதல் பாதி மட்டும் கண்ணில் பட்டால், சாட்சி இல்லாத பெண் வாயே திறக்க மாட்டார். ஆகவே இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும்: ‘ஆதாரம் இல்லையா? அப்போதும் சொல்லலாம். ஆதாரம் இல்லை என்பதற்காக மட்டும் உங்களைத் தண்டிக்க மாட்டார்கள். தெரிந்தே பொய் சொன்னால் நடவடிக்கை வரலாம்.’

படங்களிலும் கவனம் வேண்டும். தோள் மேல் ஒரு கை மட்டும் தெரியும்படி வெட்டிய படம், படம் பார்த்துப் பழகாதவருக்கு என்னவென்றே பிடிபடாமல் போகலாம். இரண்டு முழு ஆட்களையும் வேலையிடத்தையும் வரைந்தால் விளங்கும். குறுக்கே போடும் சிவப்புக் கோட்டைப் புகார் செய்யும் பெண்ணின் படத்தின் மேல் போட்டுவிட்டால், புகார் செய்யக் கூடாது என்று பொருளாகிவிடும். படம் வரியின் பக்கத்திலேயே, அந்த வரி சொல்வதை மட்டும் காட்ட வேண்டும்.

எழுதி முடித்த பிறகு சோதனை. இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். ‘புரிந்ததா?’ என்று சூப்பர்வைசர் கேட்டால் எல்லாப் பெண்களும் தலையாட்டுவார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலாளர் யாரும் இல்லாத இடத்தில், வாசகர்களைப் போன்ற சிலரிடம் தனித்தனியாகப் பக்கத்தைக் கொடுத்து ஒரு நிலைமையைச் சொல்ல வேண்டும்: ‘உங்கள் தோழிக்கு ஒன்றரை மாதம் முன்னால் நடந்தது. அவளுக்கு எழுத வராது. பார்த்தவர் யாரும் இல்லை. அவள் என்ன செய்யலாம்?’ கமிட்டியிடம் போகலாம், காலம் இருக்கிறது, அவர்களே எழுத உதவுவார்கள் என்று பதில் வந்தால் பக்கம் சரி. ‘யாரையாவது எழுதச் சொல்லிக் கொண்டுபோகணும்’ என்று சொன்னால் அந்த வரி வேலை செய்யவில்லை. அதை மாற்றி எழுதி, வேறொருவரிடம் காட்ட வேண்டும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தடுமாறும் சொற்களும் தானே தெரிந்துவிடும்.

இந்தி வடிவத்தை வக்கீலின் ஸ்லைடிலிருந்து அல்ல, சோதித்து முடித்த எளிய தமிழிலிருந்து எழுதுவிப்பதே நல்லது. அதையும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களிடம் புதிதாகச் சோதிக்க வேண்டும். செய்தித்தாள் இந்தியில் புழங்கும் சமஸ்கிருதச் சொற்கள் அவர்களுக்கு அந்நியமாக இருக்கலாம். எதையுமே படிக்க வராதவர்களுக்கு இந்தப் பக்கங்கள் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வரிகளை அவரவர் மொழியில் குரலில் பதிந்து போனில் அனுப்பினால் அவர்களுக்கும் போய்ச் சேரும்.

கடைசிப் பக்கத்தில் கமிட்டி உறுப்பினர்களின் படம், பெயர், போன் எண், அவர்களைப் பார்க்கும் இடம் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்வதால் கமிட்டி இல்லாத இடமாக இருந்தாலும், புகாரே முதலாளி மேல் என்றாலும், மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் கமிட்டியிடம் போகலாம் என்ற வரியும் அங்கேயே வர வேண்டும். உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. ஆள் மாறும் அன்றே அந்தப் பக்கத்தையும் மாற்றிவிடுங்கள்.