எடை 7.8 கிலோ, பதிவேட்டில் 8.7 கிலோ: அங்கன்வாடி பதிவில் தப்பு நடந்தால் எப்படித் திருத்தணும்?

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருக்கிற மீனவக் குப்பங்களில், ஒரு குழந்தை சரியாக வளருதா இல்லையா என்பதை அரசுக்குச் சொல்வது அங்கன்வாடி பதிவேடுதான். மாதம் ஒருமுறை எடை, உயரம் பார்த்து வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியிலும் ஏற்றுகிறார்கள். அந்த எண்ணில் ஒரு இலக்கம் இடம் மாறினால் என்ன ஆகும்? ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

18 மாதப் பெண் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 12-ம் தேதி எடை பார்த்தபோது 7.8 கிலோ. பதிவேட்டில் கை தவறி 8.7 என்று விழுந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, இந்த வயதுப் பெண் குழந்தையின் எடை 8.1 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு, 7.2-க்குக் கீழே போனால் கடுமையான எடைக்குறைவு. ஆக, உண்மையில் எடை குறைந்த குழந்தை, காகிதத்தில் 'நார்மல்' ஆகிவிட்டது.

இது வெறும் கணக்குத் தப்பு இல்லை. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு, ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளை அங்கன்வாடி மூலம் அடையாளம் கண்டு இலவசமாக உணவு தரச் சொல்கிறது. 'அடையாளம் காண்பது' இந்த எண்ணை வைத்துத்தான். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்திலும், கூடுதல் கவனிப்பு யாருக்கு என்பதற்கு முதல் படி எடையும் உயரமும்தான்.

எந்த எண் சரி என்று எப்படித் தெரியும்?

திருத்துவதற்கு முன்னாடி ஆதாரம் வேணும். நம்ம உதாரணத்தில் 26-ம் தேதி சந்தேகம் வருது. போன மாதம் 7.7, அதற்கு முந்தைய மாதம் 7.6. இந்த வயதில் ஒரு குழந்தை மாதத்துக்குச் சுமார் 200 கிராம் ஏறும். ஒரே மாதத்தில் ஒரு கிலோ ஏறாது. ஆனால் இது சந்தேகத்துக்குத்தான் போதும், திருத்தத்துக்குப் போதாது. அம்மா கையில் இருக்கிற தாய்-சேய் அட்டையைப் பார்க்கணும். அதில் அன்றைக்கே 7.8 என்று எழுதியிருந்தால், அதுதான் ஆதாரம்.

அட்டையிலும் இல்லை என்றால்? அப்போது பழைய எண்ணை யூகித்து மாற்றக்கூடாது. 8.7 பக்கத்தில் 'சந்தேகத்துக்குரியது' என்று தேதியோடு குறித்துவிட்டு, குழந்தையை இன்றைக்கு மறுபடி எடை போட்டு, இன்றைய தேதியில் புதிய பதிவாக எழுதணும். 26-ம் தேதி எடையை 12-ம் தேதி கட்டத்தில் எழுதுவது திருத்தம் இல்லை. அது இன்னொரு தப்பு.

அடிக்கலாம், அழிக்கக்கூடாது

திருத்தும் முறை ரொம்ப எளிமை. தப்பான எண் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருக்கிற 8.7 படிக்கக்கூடியதாக இருக்கணும். ஒயிட்னர், பிளேடால் சுரண்டுவது, 8-ஐ 7 ஆகத் தடித்து எழுதுவது, பக்கத்தைக் கிழிப்பது எதுவும் கூடாது. பக்கத்தில் இப்படி எழுதினால் போதும்:

"7.8 கிலோ. இலக்கம் மாற்றி எழுதப்பட்டது. தாய்-சேய் அட்டையில் உள்ள 12-ம் தேதி பதிவைப் பார்த்து 26-ம் தேதி திருத்தப்பட்டது." கீழே எழுதியவர் கையெழுத்து.

முதலில் எழுதியவரே திருத்துவதுதான் நல்லது. அவர் மாறுதலில் போயிருந்தால், இப்போது பொறுப்பில் இருப்பவர் தன் பெயரில் திருத்தணும். அவர் கையெழுத்தைப் போடக்கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? அரசுப் பணியில் இருப்பவர் கடமையாக எழுதும் பதிவு, நீதிமன்றத்தில் சான்றாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 29-வது பிரிவு இதைச் சொல்கிறது. மின்னணுப் பதிவுகளுக்கும் பொருந்தும். பழைய எண் தெரியும்படி அடித்துத் திருத்தினால், என்ன நடந்தது என்று யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஒயிட்னர் பூசினால் நேர்மையான திருத்தம்கூட மறைப்பு மாதிரித் தெரியும். ஏமாற்றும் நோக்கத்தோடு மாற்றினால் குற்ற வழக்கு வரை போகலாம்.

செயலியில் திருத்த முடிந்தால் திருத்தலாம். முடியவில்லை என்றால் அல்லது மாத அறிக்கை மேலே போய்விட்டது என்றால், மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைப் பதிவேட்டோடு வைக்கணும். அட்டையும் பதிவேடும் செயலியும் மூன்று கதை சொல்லக்கூடாது.

தாமதமாக எழுதலாமா?

எழுதலாம். பழவேற்காட்டில் இது அடிக்கடி வரும் கேள்வியாகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த மாதிரி ஒரு நேரத்தில், எடை பார்த்துத் துண்டுச் சீட்டில் குறித்ததைப் பதிவேட்டில் ஏற்ற முடியாமல் போகலாம். பத்து நாள் கழித்து எழுதும்போது இரண்டு தேதியும் வேணும்: எடை பார்த்த தேதி, எழுதுகிற தேதி. 'தாமதப் பதிவு' என்ற வார்த்தை, காரணம், எந்தச் சீட்டைப் பார்த்து எழுதியது, கையெழுத்து. சீட்டைத் தூக்கிப் போடாமல் பதிவேட்டோடு ஒட்டி வைப்பது நல்லது. பழைய வரிகளுக்கு நடுவில் நெருக்கி எழுதாமல், அடுத்து வரும் காலி வரியில் எழுதணும்.

எடையே பார்க்கவில்லை என்றால் கதை வேற. மீன் விற்க விடியலிலேயே கிளம்பும் அம்மா, ஏரியில் கையால் இறால் பிடிக்கப் போகும் அம்மா, இவர்களின் குழந்தை அன்றைக்கு மையத்துக்கு வராமல் போகலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும், 'வரவில்லை' என்ற காரணத்தோடு. காலியாக விட்டால் மேலிருந்து கேள்வி வரும் என்ற பயத்தில் போன மாத எடையையே எழுதுவதுதான் உண்மையான ஆபத்து. என்னைக் கேட்டால், காலிக் கட்டத்துக்காகத் திட்டும் அதிகாரிதான் இந்தப் பொய்க்குப் பாதிக் காரணம்.

இப்படி நிரப்பியது ஆய்வில் தெரிந்துவிடும். மூன்று மாதம் ஒரே எடை. எல்லாக் குழந்தைகளுக்கும் 8.0, 8.5, 9.0 என்று முழுசாகவும் அரையாகவும் முடியும் எண்கள். போன மாதத்தைவிடக் குறைந்த உயரம். ஆனால் உயரம் கொஞ்சம் குறைந்தாலே பொய் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வயது வரை படுக்க வைத்தும், பிறகு நிற்க வைத்தும் அளப்பதால், அந்த மாற்றத்தில் சுமார் 0.7 செ.மீ. குறைந்து தெரியும்.

பிறந்த தேதியையும் பாருங்க

எடை சரியாக இருந்தும் முடிவு தப்பாகலாம். அதே 7.8 கிலோ குழந்தையின் பிறந்த தேதி மூன்று மாதம் தள்ளிப் பதிவாகியிருந்தால், செயலி அவளை 15 மாதக் குழந்தையாகக் கணக்கிடும். அந்த வயதுக்கு எல்லை 7.6 கிலோ. மறுபடியும் 'நார்மல்'! இதைப் பிறப்புச் சான்றிதழை வைத்துத் திருத்தணும். திருத்தியதும் பழைய மாதங்களின் நிலையும் மாறும் என்பதால், அவற்றையும் ஒருமுறை பார்க்கணும்.

அம்மா, அப்பா என்ன செய்யலாம்?

எடை பார்க்கும்போது கருவியில் என்ன காட்டுது என்று நீங்களும் பாருங்க. அட்டையில் அங்கேயே எழுதச் சொல்லுங்க. தப்பு தெரிந்தால் அட்டையில் நீங்களே திருத்த வேண்டாம். பணியாளரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்க. மறுத்தால் மேற்பார்வையாளரிடமோ, வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமோ எழுதிக் கொடுக்கலாம். திருத்திய பிறகு குழந்தை எடைக்குறைவுப் பட்டியலுக்கு வந்தால், கிராம சுகாதார செவிலியருக்கும் தகவல் போச்சா என்று கேளுங்க. பதிவேட்டுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. அதே பக்கத்தில் மற்ற வீட்டுக் குழந்தைகளின் விவரமும் இருக்கும்.